பெயர் வைக்குமுன் பிள்ளைகளைக் கேளுங்கள்



1978-ல் நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு விருதுநகரில் தகப்பனார் கடையில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் பிராண்டு என்ற சொல்லெல்லாம் நம் பஜாரில் கிடையாது. மார்க் என்போம். சாக்கின் மேல் தகரத் தகட்டை வைத்து மையால் இரண்டு எழுத்துப் போடுவதுதான் மார்க். பெரும்பாலும் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் தம் பெயரின் முதல் எழுத்தும் இருக்கும். எங்களுக்குத் துவரம்பருப்பு அனுப்பிக் கொண்டிருந்த ஒரு மில்காரருக்குத் தகப்பனார் பெயர் 'பே'யில் தொடங்கும், அவர் பெயர் 'தி'யில் தொடங்கும். சாக்கில் 'பே.தி.' என்று போட்டு அனுப்பினார். பருப்பு முதல் தரம். ஆனால் மூட்டை இறக்கிய தொழிலாளி, "அண்ணாச்சி, பேதிப் பருப்பு வந்திருக்கு" என்று கத்தினார். அன்று சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்க அதற்கு அதுதான் பெயர். சில்லரைக் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வேறு மார்க் கேட்டார்கள். மூன்றாவது லோடில் தகட்டை மாற்றி வெட்டினார். அவருக்குச் செலவு ஒரு தகரத் துண்டுதான்.

இன்றைக்கு நம்மில் பலர் சொந்தப் பெயரில் பாக்கெட் போடுகிறோம். இப்போது அதே தவற்றைச் செய்தால் தகரத் துண்டோடு போகாது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன வருஷம் என் மகனும் மருமகளும் மிளகாய்த்தூளில் தொடங்கி வரிசையாக மசாலாப் பொடிகள் பாக்கெட் போடுவதென்று முடிவு செய்தார்கள். பெயர் நான்தான் வைப்பேன் என்றேன். என் மனைவி பெயர் எழிலரசி. தவறி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் பக்குவமே அவள் கை அளவுதான். ஆகவே 'எழில் மசாலா' என்று முடிவு கட்டிவிட்டேன். படம் வரைகிறவருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் மறுத்துப் பேசவில்லை. மருமகள் மட்டும், "மாமா, இன்னும் மூணு பேரு சேர்த்து நாலா வெச்சுக்குவோம். சிலிண்டர் வெட்டுறதுக்கு முன்னால ஒரு வாரம் சோதிச்சுப் பார்ப்போம்" என்றாள்.

சிலிண்டர் என்றால் என்னவென்று பாக்கெட் போடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பளபளப்பான பவுச் ரோலில் அச்சடிக்க ஒரு கலருக்கு ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். எங்கள் படத்தில் ஐந்து கலர். 50 கிராம், 100 கிராம் என்று இரண்டு அளவு. ஆக மிளகாய்த்தூளுக்கு மட்டும் பத்து சிலிண்டர். பெயரை மாற்றினால் பெயர் அச்சாகும் கலர் சிலிண்டர்களைத் திரும்பச் செதுக்க வேண்டும். அதற்குள் அச்சடித்து வந்த ரோல் எடைக்குப் போட வேண்டியதுதான். அதனால்தான் சோதனை என்பது சிலிண்டருக்கு முன்னால் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்தால் அது சோதனை இல்லை, வேதனை.

மருமகள் எழுதிய மற்ற மூன்று பெயர்களில் ஒன்று 'மோக்ஷா'. மகனுக்குப் பிடித்தது, நாகரிகமாக இருக்கிறதாம். இன்னொன்று 'நறுக்'. காரம் நறுக்கென்று இருக்கும் என்ற பொருளில். நான்காவது பெயரை இங்கே எழுதினால் விளம்பரம் என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். அது இப்போது கடைக்கு வந்துவிட்டது, அதனால் விட்டுவிடுகிறேன்.

தொலைபேசிச் சோதனை

நம் வியாபாரத்தில் பெயரைப் படிக்கிறவர்களைவிடக் கேட்கிறவர்களே அதிகம். சில்லரைக் கடைக்காரர் போனில் சொல்வார், நம் பையன் சிட்டையில் எழுதுவான். பின்னால் லாரி ஓடும், பக்கத்தில் நாலு பேர் பேசுவார்கள். ஆகவே முதல் சோதனை அங்கே. நான் கூச்சலுள்ள நேரமாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு, பழக்கமான பன்னிரண்டு கடைகளுக்குப் போன் செய்தேன். "ஒரு அயிட்டம் சொல்றேன், எழுதிக்கிடுங்க. எழில் மிளகாய்த்தூள் நூறு கிராம் ரெண்டு டஜன். எழுதினதைப் படம் எடுத்து அனுப்புங்க" என்றேன். ஒருமுறைதான் சொன்னேன். திரும்பச் சொல்லவில்லை.

பன்னிரண்டு சீட்டில் 'எழில்' என்று சரியாக எழுதியது மூன்று பேர். நாலு பேர் 'எளில்'. இரண்டு பேர் 'எலில்'. ஒருவர் 'ஏலம்' என்று எழுதி ஏலக்காயா என்று கேள்விக்குறி போட்டிருந்தார். ஒருவர் எழுதவே இல்லை. கடைசிக் கடைக்காரர் சாத்தூர் பக்கம், முப்பது வருஷப் பழக்கம். "அண்ணாச்சி, எலி மருந்தா கேக்கீங்க? அது நம்ம லைன்ல கிடையாதே" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தால் அவர் மேல் குற்றமில்லை. நம் பக்கம் பழத்தைப் பளம் என்றுதான் சொல்கிறோம். ழகரம் நம் வாயில் ளகரமாகிறது, இன்னும் சிலர் வாயில் லகரமாகிறது. பழைய மதராஸ் பேச்சில் யகரமும் ஆகும். எழுத்தில் எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும் ழ உள்ள பெயர் கடை வாசலுக்கு வரும்போது மூன்று வேறு பெயராக வரும். அந்த மூன்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். மேலும் நம் ஜனங்கள் எந்தப் பெயரையும் முழுதாகச் சொல்வதில்லை, முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். எழில் என்பது எளில் ஆகி, வாலை வெட்டினால் எலி. மளிகைக் கடையில் எந்தப் பிராணியின் பெயர் வரக்கூடாதோ அதன் பெயர்!

அப்போதும் நான் விடவில்லை. காது மந்தமான ஆட்களை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றேன்.

டியூஷன் பிள்ளைகள்

இரண்டாவது சோதனைதான் இந்தக் கட்டுரையின் சாரம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். இருபத்திரண்டு பேர், பையன்கள் பதின்மூன்று, பெண் பிள்ளைகள் ஒன்பது. மருமகள் அவரிடம் பேசி வைத்தாள்.

"இந்தப் பெயர் நன்றாக இருக்கிறதா?" என்று பிள்ளைகளிடம் கேட்கக்கூடாது என்பது அவள் கட்டளை. அப்படிக் கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். பெரிய மனுஷர் கேட்கிறார், மிட்டாயும் கொடுக்கிறார், வேறென்ன சொல்வார்கள்? கேட்ட கேள்வி இதுதான்: "இந்த நாலு பேரில் நாலு புதுப் பையன்கள் உங்கள் வகுப்பில் சேருகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் என்ன பட்டப்பெயர் வைப்பீர்கள்?" மசாலா என்றோ எங்கள் கடை என்றோ சொல்லவில்லை. தாளில் தங்கள் பெயரை எழுத வேண்டாம், கையெழுத்தை மறைக்க எல்லாரும் பெரிய எழுத்தில் எழுதலாம், ஆசிரியரும் வெளியே போய்விடுவார் என்று ஏற்பாடு. ஆசிரியர் உள்ளே நின்றிருந்தால் எழுதுவதில் பாதி எழுத மாட்டார்கள் என்று அவரே சொன்னார்.

மடித்துப் போட்ட தாள்களை வீட்டில் கொண்டுவந்து பிரித்தோம். எழிலுக்குப் பதினைந்து பேர் 'எலி' என்று எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் 'எலிப்பொறி'. ஒரு பிள்ளை 'மசால்வடை' என்று எழுதியிருந்தது. எலிப்பொறியில் நாம் வைக்கிற தீனி அதுதானே. மசாலா என்று நாங்கள் சொல்லாமலே அந்தப் பிள்ளை மசாலுக்குப் போய்விட்டது! எங்கள் சரக்கின் வாசனையும் அந்தக் கேலியும் ஒரே இடத்தில் போய்ச் சேருகிறதே என்று மகன் தலையில் கை வைத்தான்.

மோக்ஷாவுக்கு வந்த பட்டம் 'மொக்கை'. உப்புச் சப்பில்லாதது, சலிப்பூட்டுவது என்று அவர்கள் பாஷையில் பொருள். காரப் பொடிக்கு இதைவிட மோசமான பெயர் தேடினாலும் கிடைக்காது. நறுக் என்பதற்குப் பாதிப் பேர் ஒரே சொல்: 'கிறுக்கு'. நான்காவது பெயருக்கு இருபத்திரண்டு தாளில் பத்துத் தாள் வெறுமை. மற்றவர்கள், 'கல்யாண வீடு', 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலியைக் கடை வாசலில் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை. கேலியே வராத பெயர் உலகத்தில் கிடையாது. சரக்கைத் தொடுகிற கேலியா, தொடாத கேலியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைத் தனியாகவும் ஒரு கேள்வி கேட்டாள் மருமகள். "கடையில் நாலு பையன்கள் நிற்கும்போது இந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி வாங்குவீர்களா?" இது முக்கியமான கேள்வி. இரட்டை அர்த்தம் எதுவும் இருந்தால் நமக்கு எட்டாது, அவர்கள் முகத்தில் தெரிந்துவிடும். பதில் வரத் தாமதித்தால் அந்தப் பெயர் வேண்டாம் என்று பொருள். விளக்கம் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது.

கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். நாம் எல்லோரும் காபி கீபி, பருப்பு கிருப்பு என்று பேசுகிறோம் அல்லவா? எந்தச் சொல்லையும் அடுத்தாற்போல் முதல் எழுத்தைக் 'கி' அல்லது 'கீ' என்று மாற்றி ஒருமுறை சொல்வது தமிழன் வாய்ப்பழக்கம். பழம் என்றால் பழம் கிழம் என்று வருகிறது. கிழம் என்பது தனியாகவே ஒரு சொல். நறுக் என்றால் நறுக் கிறுக் என்று வந்தே தீரும். இதற்குப் பிள்ளைகள்கூடத் தேவையில்லை. நாமே ராத்திரி கல்லாவை எண்ணி முடித்த பிறகு, குறித்து வைத்த பெயர்களை ஒவ்வொன்றாகக் 'கி' போட்டுச் சொல்லிப் பார்க்கலாம். பிறகு முதல் எழுத்தை எடுத்துவிட்டு க, ச, த, ப, ம என்று வரிசையாக மாற்றிப் பார்க்க வேண்டும். நான் எங்கள் பெயர்களுக்கு அப்படிச் செய்தபோது இரண்டு மூன்று சொற்கள் வந்தன. அவற்றை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

கல்லாப்பெட்டிப் பேச்சு

பெயரைத் தனியாக மட்டும் பார்த்தால் போதாது. கடையில் பெயர் தனியாக வருவதில்லை, ஒரு வாக்கியத்துக்குள் வருகிறது. இருக்கிறதா, வந்துவிட்டதா, தீர்ந்துவிட்டதா, கெட்டுப்போய்விட்டதா, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா: நாள் முழுக்க இந்த ஐந்து கேள்விதான். மருமகள் நாலு பெயரையும் இந்த ஐந்திலும் போட்டு வாய்விட்டுப் படித்தாள். "கடையில எலி இருக்கா?" "எலி நேத்தே வந்திருச்சு." நான் எழுந்து போய்விட்டேன்.

மோக்ஷாவைப் படித்தபோது என் அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. "மோட்சமா? அதைத் தின்னா நேரா மோட்சந்தானா?" என்றார். மகன் அது வடமொழியில் விடுதலை என்று விளக்கினான். "விடுதலைதாம்ல சொல்லுதேன்" என்றார் அக்கா. நம் ஊரில் மோட்சம் என்றால் மோட்ச தீபம் ஞாபகம் வரும். பொடி போட்ட குழம்பு சாப்பிடுகிறவருக்கு அது ஞாபகம் வரலாமா? பிள்ளைகளுக்குத் தெரிந்தது மொக்கை, பெரியவர்களுக்குத் தெரிந்தது சாவு. ஒரே பெயரை இரண்டு தலைமுறையும் இரண்டு வழியில் அடித்துவிட்டார்கள். ஆகவே சோதனையை இளவட்டங்களோடு நிறுத்திவிடக் கூடாது, வீட்டில் ஒரு பாட்டியையும் கேட்க வேண்டும்.

இளவட்டங்களின் பாஷை வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது என்பது இன்னொரு சங்கடம். எங்கள் கடையில் தோல் நீக்கிய முழு உளுந்தை உருட்டு உளுந்து என்போம். என் தகப்பனார் காலத்துச் சொல். பலகையில் 'நயம் உருட்டு கிடைக்கும்' என்று எழுதி வைத்திருந்தேன். சில மாதங்களாகக் கல்லூரிப் பையன்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஏன் என்று கடைப் பையனைக் கேட்டால், "உருட்டுன்னா பொய் சொல்றது அண்ணாச்சி. நயமா பொய் சொல்வோம்னு போர்டு வெச்சிருக்கோம்" என்கிறான். உளுந்து மேல் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. சொல்தான் இடம் மாறிவிட்டது. முன்பு அல்வா கொடுப்பது, நாமம் போடுவது, கடலை போடுவது என்றெல்லாம் நம் சரக்குகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். உருட்டு இப்போது சேர்ந்திருக்கிறது. பலகையை நான் மாற்றவில்லை. சிரிக்க வருகிறவன் கால் கிலோ வாங்கிப் போகிறான்.

வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் ஒரு படி மேலே போக வேண்டும். நம் பக்கம் ஊர்ப் பெயர்கள் பட்டி, பட்டி என்றே முடியும். ஊர்ப் பெயரையே சரக்குக்கு வைப்பது நம்மவர்க்குப் பெருமை. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கேரளத்துக்குப் போகிற பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பெரிதாகப் போடுமுன் யோசிக்க வேண்டும். தெங்கு என்று தூய தமிழில் தேங்காய் எண்ணெய்க்குப் பெயர் வைக்க நினைத்தார் ஒரு நண்பர். ஆந்திரத்து லாரி டிரைவர் ஒருவர் காதில் விழுந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கைவிட்டார். தெலுங்கில் அந்த ஓசைக்குக் கிட்டத்தில் இருப்பது மிகக் கெட்ட வார்த்தை. இதற்கு அகராதி பார்த்துப் பயனில்லை, கெட்ட வார்த்தைகளை அகராதியில் போட மாட்டார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், அதுவும் லாரி டிரைவரிடமோ மார்க்கெட் தொழிலாளியிடமோ, ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பதுதான் வழி. பெரிய கம்பெனிகளும் இதில் கவனமாகத்தான் இருக்கின்றன. மிட்சுபிஷிக்காரர்களின் பஜேரோ வண்டி ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் மான்டெரோ என்ற பெயரில் விற்றது. பழைய பெயர் அங்கே ஆபாசம்.

சட்டம் இதற்கெல்லாம் துணை வராது. 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில், ஆபாசமான சின்னத்தைப் பதிவு செய்யக் கூடாது என்றிருப்பது உண்மை. நம் மசாலாக்கள் 30-ஆம் வகுப்பில் வரும். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். ஆனால் பதிவாளர் அலுவலகம் பார்ப்பது வெளிப்படையான ஆபாசத்தையும், இன்னொருவர் சின்னத்தோடு ஒத்திருக்கிறதா என்பது போன்றவற்றையும்தான். டியூஷன் பிள்ளை என்ன பட்டம் வைக்கும் என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். பதிவு கிடைத்துவிட்டது, ஆகவே பெயர் நல்ல பெயர் என்று நினைத்துவிடாதீர்கள்.

எவ்வளவு சோதித்தாலும் அன்றைய தேதி வரைக்கும்தான் அது செல்லும். டாடா மோட்டார்ஸ் 2015 கடைசியில் ஜிகா என்ற பெயரில் ஒரு சிறிய காரை அறிவித்தது. சில வாரங்களில் தென் அமெரிக்காவில் ஜிகா வைரஸ் காய்ச்சல் உலகச் செய்தியாயிற்று. விற்பனைக்கு வருமுன் பெயரை மாற்றி, 2016-ல் டியாகோ என்று கொண்டுவந்தார்கள். கார் தப்பித்தது. அமெரிக்காவில் எய்ட்ஸ் என்ற ஓசையிலேயே ஒரு மிட்டாய், பசியைக் குறைத்து உடம்பு இளைக்க வைப்பது, பல பத்தாண்டுகளாக நன்றாக விற்றது. 1980-களில் அதே ஓசையில் ஒரு நோய் வந்தது. உடம்பு இளைப்பதுதான் அந்த நோயின் அடையாளமும். பெயருக்கு முன்னால் 'டயட்' என்று சேர்த்துப் பார்த்தார்கள். பயனில்லை, மிட்டாயே மறைந்துவிட்டது. முதல் நாள் யார் சோதித்திருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். தாள்களைப் பிரித்த அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மகன் ஒன்றும் பேசவில்லை. மருமகள்தான் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அத்தை பேரைச் சொல்லி ஊர்ல யாராவது சிரிச்சா உங்களால தாங்க முடியுமா? எனக்கு முடியாது" என்றாள். அந்தத் தாள்களை வாங்கிப் பரணில் போட்டேன். மறுநாள் படம் வரைகிறவருக்குப் போன் செய்து நான்காவது பெயரைச் சொன்னேன். முன்பணத்தில் அவர் ஒன்றும் பிடித்தம் செய்யவில்லை.

பொட்டலப் பொருள் விதிப்படி பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயரும் விலாசமும் போட்டாக வேண்டும். அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு நிறுவனம் பதிவு செய்தோம். எழிலரசி டிரேடர்ஸ், மெயின் பஜார், விருதுநகர். சின்ன எழுத்துதான். விலாசத்தில் இருக்கிற பெயரை யாரும் சுருக்கிக் கூப்பிடுவதில்லை. போன வாரம் சாத்தூர்க்காரர் போன் செய்து, "அண்ணாச்சி, பின்னால மதினி பேரைப் பார்த்தேன்" என்றார். இன்னும் ஆறு டஜன் கேட்டார்.